எஸ்.ஓ.பி. இங்கிலீஷை யார்கிட்ட குடுத்துத் திருத்தறது: கன்சல்டன்சி, வாத்தியார், சீனியர், காசு வாங்கற எடிட்டர்

அமெரிக்கால எம்.எஸ்.க்கு அப்ளை பண்றவங்களுக்கு டிசம்பர் 15 ஒரு பெரிய தேதி, நிறைய யூனிவர்சிட்டி அன்னிக்குத்தான் கதவ மூடும். அதனால வருஷா வருஷம் நவம்பர் மழை ஆரம்பிச்சா சொந்தக்காரங்க கிட்டருந்து எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சிடும். பெருங்குடில ஜர்னல் காப்பி எடிட்டிங் பண்ற ஒரு கம்பெனில பல வருஷமா வேலை பாக்கறேன், வெளிநாட்டு பப்ளிஷர்களோட சயின்ஸ் ஆர்ட்டிக்கிளை இங்க உக்காந்து திருத்தி அனுப்பற வேலை, அதனால குடும்பத்துல யார் எஸ்.ஓ.பி., அதாவது அப்ளிகேஷனோட அனுப்பற ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ், எழுதினாலும் "அவகிட்ட குடு, அவ இங்கிலீஷ் பார்ப்பா"ன்னு ஒரு பேர் ஆயிடுச்சு. இந்தத் தடவை அக்கா பையன். அவன் என்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே நாலு பேர்கிட்ட குடுத்துட்டான், நாலும் நாலு விதமா வந்திருக்கு, எதை எடுத்துக்கறதுன்னு தெரியலன்னு நாலு ஃபைலையும் அனுப்பிட்டு "சித்தி, நீங்களே சொல்லுங்க"ன்னான். ஒரே பாராவை நாலு பேர் திருத்தினா என்ன ஆகும்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கற வாய்ப்பு எனக்கே அடிக்கடி கிடைக்கறதில்ல, அதான் எழுதறேன்.

முதல்ல அவன் எழுதின பாரா. இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்துல எழுதறது கொஞ்சம் கண்ணை உறுத்தும், வாய்விட்டுப் படிச்சீங்கன்னா சரியாயிடும்.

"சின்ஸ் மை சைல்ட்ஹுட் ஐ ஆம் ஹேவிங் எ கிரேட் பேஷன் ஃபார் எலக்ட்ரானிக்ஸ். ஐ ஹேவ் பாஸ்டு அவுட் இன் 2025 வித் எ சிஜிபிஏ ஆஃப் 8.1. இன் மை ஃபைனல் இயர் வீ ஹேவ் டன் எ பிராஜெக்ட் இன் வாட்டர் லெவல் மானிட்டரிங் யூசிங் அல்ட்ராசானிக் சென்சார், இன் விச் ஐ லேர்ன்ட் எ லாட். தோ ஐ ஹேட் டூ அரியர்ஸ் இன் தேர்ட் செமஸ்டர், ஐ கிளியர்டு தி சேம் இன் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட் இட்செல்ஃப். இஃப் கிவன் எ சான்ஸ் இன் யுவர் எஸ்டீம்டு யூனிவர்சிட்டி, ஐ வில் ஷ்யூர்லி ப்ரூவ் மைசெல்ஃப்."

இதைப் படிச்சதும் நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு "நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணும். யார்கிட்ட குடுக்கறதுங்கற கேள்வியோட முடிச்சு இந்த இடத்துலதான் இருக்கு, அதனால நாலு பேர்கிட்ட போறதுக்கு முன்னாடி இதுல என்னென்ன தப்பு இருக்குன்னு பிரிச்சுப் பார்த்துடலாம். மூணு தினுசு இருக்கு, மூணையும் கண்டுபிடிக்கற ஆள் வேற வேற.

முதல் தினுசு சுத்தமான கிராமர். "ஹேவ் டன்", "ஹேவ் பாஸ்டு"ன்னு வருதே, அது கூடவே 2025னும் ஃபைனல் இயர்னும் நேரத்தைச் சொல்லியிருக்கு. முடிஞ்சுபோன நேரத்தைச் சொல்லிட்டா இங்கிலீஷ்ல "ஹேவ்" போடக்கூடாது, நேரா பாஸ்ட் டென்ஸ்தான். நமக்கு ஏன் இது வருதுன்னா தமிழ்ல "2025-ல முடிச்சிருக்கேன்"ங்கறது ரொம்ப சாதாரணமான பேச்சு, அந்த "இருக்கேன்" அப்படியே "ஹேவ்"னு இறங்கிடுது. அல்ட்ராசானிக் சென்சாருக்கு முன்னாடி "அன்" இல்ல, தேர்ட் செமஸ்டருக்கு முன்னாடி "மை" இல்ல. தமிழ்ல ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால அது விட்டுப்போச்சுன்னு நம்ம காதுக்குத் தெரியறதே இல்ல. "ஆம் ஹேவிங்" அந்த "ஹேவ் டன்" மாதிரி டென்ஸ் தப்புதான்.

ரெண்டாவது தினுசு, நம்ம ஊர் இங்கிலீஷ். டிக்‌ஷனரில வார்த்தை இருக்கும், ஸ்பெல்லிங் சரியா இருக்கும், இங்க எல்லாருக்கும் புரியும், அங்க புரியாது இல்லன்னா வேற மாதிரி புரியும். "பாஸ்டு அவுட்"னா காலேஜ் முடிச்சேன்னு நமக்கு, அங்க ஒரு ப்ரொஃபசர் படிச்சா பையன் மயங்கி விழுந்துட்டான். அரியர்ஸ்னா அவங்களுக்குக் கட்டாம விட்ட வாடகை பாக்கி. "கிளியர்டு தி சேம்" ஆஃபீஸ் லெட்டர் வாடை. "ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட் இட்செல்ஃப்"ல அந்த கடைசி வார்த்தை நம்ம "அட்டெம்ப்ட்லயே"ல இருக்கற ஏகாரம்தான், இங்கிலீஷுக்கு அது தேவையே இல்ல.

மூணாவது டோன். சின்ன வயசுலேருந்து பேஷன், எஸ்டீம்டு, ஒரு சான்ஸ் குடுத்தா நிரூபிச்சுக் காட்டறேன்ங்கறதெல்லாம் இதுல வரும். கிராமரைத் தேய்ச்சு தேய்ச்சு சுத்தம் பண்ணினாலும் இது போகாது. "ஐ ஹேவ் ஹேட் எ பேஷன் ஃபார் எலக்ட்ரானிக்ஸ் சின்ஸ் சைல்ட்ஹுட்"னு எழுதினா இலக்கணம் நூத்துக்கு நூறு, படிக்கறவருக்கு மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா அன்னிக்கு அவர் டேபிள்ல இருக்கற கட்டுல அதே வரி எத்தனையோ தடவை வந்திருக்கும். "ஒரு வாய்ப்பு குடுங்க"ங்கறது லீவ் லெட்டர் எழுதிப் பழகின கை, ஸ்கூல்ல நமக்குக் கத்துக்குடுத்த ஒரே இங்கிலீஷ் லெட்டர் அதுதானே, பெரியவங்களுக்கு எழுதினா குனிஞ்சுதான் எழுதணும்னு பதிஞ்சுபோச்சு. எஸ்.ஓ.பி. படிக்கறவர் மரியாதையைத் தேடி வரல, இவன் என்ன பண்ணினான், எதுல மாட்டினான், எப்படி யோசிச்சான்னு தேடி வரார்.

இப்ப நாலு பேர் என்ன பண்ணாங்கன்னு பார்க்கலாம்.

கன்சல்டன்சிலேருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா பெரும்பாலான வீட்டுல முதல்ல போற இடம் அதுதான். அண்ணா நகர், நுங்கம்பாக்கம், தி. நகர்னு தடுக்கி விழுந்தா ஒண்ணு இருக்கு, பல இடத்துல எஸ்.ஓ.பி. திருத்தறது இலவசம். இலவசம்னா யாரோ ஒருத்தர் காசு குடுக்கறாங்கன்னு அர்த்தம், ஸ்டூடண்ட் சேர்ந்தா சில யூனிவர்சிட்டிகள் ஏஜென்டுக்குக் கமிஷன் குடுக்கும். அது தப்புன்னு நான் சொல்ல வரல, விசா பேப்பர், ஃபீஸ் கட்டற முறை இதுக்கெல்லாம் அவங்க ரொம்ப உதவி. ஆனா எடிட்டிங் அவங்களுக்கு ஒரு ஓரத்து வேலை, சீசன்ல ஒருத்தர் மேசைல ஏகப்பட்ட ஃபைல் குவிஞ்சிருக்கும், ஒவ்வொண்ணா வரி வரியா பார்க்க நேரம் ஏது.

பையனுக்கு வந்த பாரா "ஃப்ரம் எ டெண்டர் ஏஜ், தி ஃபேசினேட்டிங் ரெல்ம் ஆஃப் எலக்ட்ரானிக்ஸ் ஹேஸ் கேப்டிவேட்டட் மீ"ன்னு ஆரம்பிக்குது. ஒரு கிராமர் தப்பு கூட இல்ல, அரியர் வரியைக் காணோம், "பாஸ்டு அவுட்" காணோம். கூடவே அல்ட்ராசானிக் சென்சாரையும் காணோம். "கட்டிங் எட்ஜ் டெக்னாலஜி" பத்தி ரெண்டு வரி வந்திருக்கு. அதாவது தப்பைத் திருத்தல, அந்தப் பாராவைத் தூக்கிட்டு கையில இருந்த வேற பாராவை வெச்சிட்டாங்க. இந்தப் பாரா வேற எத்தனை பசங்க ஃபைல்ல இருக்கோ. இங்கிலாந்துக்கு யூ.ஜி. அப்ளை பண்றவங்க இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், அங்க பெரும்பாலும் யூகாஸ்ங்கற பொது அப்ளிகேஷன் அமைப்பு வழியாத்தான் போகும், யூகாஸ் ஒவ்வொரு ஸ்டேட்மெண்டையும் முன்னாடி வந்ததோட ஒப்பிட்டுப் பார்க்கும், ரொம்ப ஒத்துப்போச்சுன்னா அப்ளை பண்ணின யூனிவர்சிட்டிகளுக்கே தகவல் போயிடும். அமெரிக்க அப்ளிகேஷன்லயும் கடைசி பக்கத்துல "இது என் சொந்த எழுத்து"ன்னு உறுதிமொழி வாங்கறது வழக்கம், அதுல டிக் போடறது பையன்தான், கன்சல்டன்சி இல்ல.

அவங்க அனுப்பின ஃபைல்ல எது மாறிச்சுன்னு எந்த அடையாளமும் இல்ல, நீட்டா வெள்ளையா வந்திருக்கு. பார்க்க அழகா இருக்கும், ஆனா எங்க வேலைல இப்படி ஒரு ஃபைல் வந்தா உடனே சந்தேகப்படுவோம். வேர்டுல Review போய் Compare அமுக்கி, ஒரு பக்கம் உங்க பழைய ஃபைல், இன்னொரு பக்கம் வந்த ஃபைல் குடுத்தீங்கன்னா எது போச்சு எது வந்துச்சுன்னு கலர் கலரா காட்டும். அங்கங்க ஒரு வார்த்தை, ஒரு கமான்னு கலர் இருந்தா அது எடிட்டிங். பாரா முழுக்க அடிச்சுட்டு முழுக்கப் புதுசா இருந்தா அது ரீரைட்டிங், அதை எடுத்துக்காதீங்க. கூகுள் டாக்ஸ்லயும் Tools மெனுல Compare documents இருக்கு. யார்கிட்ட குடுத்தாலும் திரும்பி வந்ததும் முதல்ல பண்ண வேண்டியது இதுதான்.

அடுத்தது வாத்தியார். நங்கநல்லூர்ல அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச ரிட்டயர்டு இங்கிலீஷ் சார், ப்ரிண்ட் எடுத்துட்டு வாப்பான்னு சொல்லி சிவப்பு மையில திருத்திக் குடுத்திருக்கார். எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "ஹேவ் டன்"ஐ "டிட்" ஆக்கி ஓரத்துல ஏன்னு ஒரு வரி எழுதியிருக்கார், "அன்" போட்டிருக்கார், பிராஜெக்ட் "இன்"ங்கறதை "ஆன்"னு மாத்தியிருக்கார், பையன் கண்ணுக்கு எல்லா மாற்றமும் தெரியுது, அடுத்த பாராவுல அதே தப்பை அவனே திருத்திக்கலாம். முதல் தினுசுத் தப்புல ஒண்ணு கூட தப்பிக்கல. காசும் வாங்கல, காபி குடுத்து அனுப்பியிருக்கார்.

ஆனா அரியர்ஸ் அப்படியே இருக்கு. "பாஸ்டு அவுட்" அப்படியே இருக்கு, அதுக்கு முன்னாடி இருந்த "ஹேவ்"ஐ மட்டும் அழகா எடுத்துட்டார். அவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமே இல்ல, அவருக்கும் நமக்கும் ஒரே காது, அவ்வளவுதான். சென்னை இங்கிலீஷ்லயே நாப்பது வருஷம் பேசி, பாடம் நடத்தி, பேப்பர் திருத்தினவருக்கு அரியர்ங்கற வார்த்தை உறுத்த வழியே இல்ல. டோன் விஷயத்துல இன்னும் ஒரு படி கீழ இறங்கிடுச்சு, கடைசி வரியை "ஐ ஷேல் பீ ஹைலி ஆப்ளைஜ்டு இஃப் ஐ ஆம் கிரான்டட் அட்மிஷன்"னு மாத்திட்டார். அவர் தலைமுறைல அது பண்பு, இங்க அது இன்னும் குனியறது.

இன்னொண்ணு, முறையா எழுதினா நீளும். அமெரிக்க பி.ஜி.ல யூனிவர்சிட்டிக்கு ஒரு அளவு, ஒண்ணு 500 வார்த்தைம்பான், இன்னொண்ணு ரெண்டு பக்கம்பான். யூகாஸ்ல ஸ்பேஸ் சேர்த்து 4,000 கேரக்டர்தான், அதுவும் 2026 அட்மிஷன்லேருந்து ஒரே கட்டுரையா இல்லாம மூணு கேள்வியா பிரிச்சிட்டாங்க, ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 350 கேரக்டர் எழுதணும். ஓரத்துல போய் நிக்கற ஸ்டேட்மெண்டுல ஒரு "ஹைலி ஆப்ளைஜ்டு" சேர்த்தா வேற ஒரு நல்ல வரி வெளிய போகணும். அதனால சார்கிட்ட குடுக்கும்போதே "சார், நீளக்கூடாது, கிராமர் மட்டும் பாருங்க"ன்னு பணிவா சொல்லிடலாம், கோச்சுக்க மாட்டாங்க.

மூணாவது சீனியர். அதே காலேஜ்ல ஈ.சி.ஈ. முடிச்சிட்டு இப்ப அமெரிக்கால பிஎச்.டி. பண்ற ஒரு அண்ணன். இவர்கிட்டேருந்து பதில் வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, அவர் செமஸ்டர் கடைசி வேற, குளிர்காலத்துல நமக்கும் கிழக்குக் கரைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், நாம எழுந்து மெசேஜ் போட்டா அங்க தூங்கப் போற நேரம். திருத்தமா வந்ததும் ரொம்பக் கம்மி. கிராமர்ல ஒண்ணுமே தொடல, "தி சேம்" அவர் கண்ணுக்கும் படல, தன் பங்குக்கு ஒரு "சூப்பர் எக்ஸைட்டட்" வேற போட்டிருந்தார், அதை நான் அடிச்சிட்டேன். ஆனா மூணே மூணு கமெண்ட் போட்டிருந்தார், அந்த மூணுக்காகவே அந்த ஒரு வாரம் காத்திருந்தது தகும்.

அரியர்ஸ் பக்கத்துல, "இங்க யாருக்கும் புரியாதுடா, ரெண்டு பேப்பர் ஃபெயில், அடுத்த செம்ல பாஸ்னு நேரா எழுது, இல்லன்னா அடிஷனல் இன்ஃபர்மேஷன்னு தனி பாக்ஸ் இருக்கும், அங்க போடு." எஸ்டீம்டு பக்கத்துல, "எந்த லேப், யார் வேலை பிடிச்சுதுன்னு சொல்லு, இல்லன்னா இந்த வரியையே தூக்கு." மூணாவது, "லேர்ன்ட் எ லாட்" பக்கத்துல ரெண்டே வார்த்தை: "என்ன கத்துக்கிட்ட?"

அந்தக் கேள்விக்கு பையன் ஃபோன்ல பதில் சொன்னப்போ நான் பக்கத்துல இருந்தேன். அவங்க காலேஜ் பக்கத்துல ஒரு சப்வே, மழைக்குத் தண்ணி நின்னுடும், அங்க தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பார்த்து அலாரம் அடிக்க வெச்சிருக்காங்க. முதல்ல வாங்கின விலை குறைஞ்ச சென்சார் ஈரம் பட்டு கண்டபடி ரீடிங் காட்டியிருக்கு, தண்ணியே இல்லாதப்போ அலாரம் அடிச்சிருக்கு. வாட்டர்ப்ரூஃப் சென்சார் மாத்தினா அது கிட்டத்துல இருக்கறதைப் பார்க்காது, ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்குள்ள தண்ணி வந்துட்டா அதுக்குக் கண்ணு தெரியாது, அதனால பிராக்கெட்டையே உயரத்துல திரும்ப செஞ்சு மாட்டியிருக்கான். இத்தனையும் இவனே பண்ணினது. "இதையெல்லாம் ஏன்டா எழுதல"ன்னு கேட்டா "தப்பா போனதை எழுதக்கூடாதுன்னு நெனச்சேன் சித்தி"ங்கறான்.

இந்த ஒரு கேள்வியைக் கன்சல்டன்சியும் கேக்கல, சாரும் கேக்கல. கேக்கணும்னா ஈ.சி.ஈ. தெரிஞ்சிருக்கணும், அந்தப் பக்கத்துல எப்படி படிப்பாங்கன்னும் தெரிஞ்சிருக்கணும். டோன் கோளாறுன்னு நாம நினைக்கறதுல பாதி வார்த்தைக் கோளாறு கிடையாது, சொல்ல வேண்டிய விஷயம் அங்க இல்லாததால அந்த இடத்தை நிரப்ப வந்த சத்தம்தான் பேஷனும் எஸ்டீம்டும். விஷயம் உள்ள வந்துட்டா அதுங்க தானா கழண்டுக்கும்.

நாலாவது காசு வாங்கற ஃப்ரீலான்ஸ் எடிட்டர். எங்க தொழில்ல இருக்கறவங்க நிறைய பேர் ராத்திரி இதைப் பண்றாங்க, சென்னைல ஜர்னல் எடிட்டிங் கம்பெனிகள் அவ்வளவு இருக்கே, ஆள் பஞ்சமே இல்ல. பையன்கிட்ட வார்த்தைக்கு ஒன்றரை ரூபா கேட்டிருக்காங்க, 900 வார்த்தைக்கு 1,350 ரூபா, ரெண்டு நாள்ல வந்துடுச்சு. ஃபைல்ல Track Changes போட்டு ஒவ்வொரு மாற்றமும் தெரியற மாதிரி அனுப்பியிருக்காங்க, ஆர்ட்டிகிள், டென்ஸ் எல்லாம் சுத்தம். "பாஸ்டு அவுட்"ஐ "கிராஜுவேட்டட்" ஆக்கியிருக்காங்க, தினமும் வெளிநாட்டுக்காரங்களுக்காக எடிட் பண்ற கை, சாருக்குப் படாதது இவங்களுக்குப் பட்டிருக்கு. அரியர்ஸ்ல மட்டும் தானா எதையும் மாத்தாம ஓரத்துல கேட்டிருக்காங்க: ரெண்டு பரீட்சைல தவறி, மறுபடி எழுதி பாஸ் பண்ணினதா, இல்ல வேற அர்த்தமா?

அந்தக் கேள்விதான் நல்ல எடிட்டருக்கு அடையாளம். எங்க ஆஃபீஸ்ல இதுக்குப் பேர் ஆத்தர் கொயரி, சுருக்கமா ஏக்யூ. அர்த்தம் ரெண்டா இருக்கற இடத்துல எடிட்டர் தானா முடிவு பண்ணக்கூடாது, எழுதினவரைக் கேக்கணும்ங்கறது எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்குடுப்பாங்க. 900 வார்த்தைல ஒரு கேள்வி கூட இல்லாம ஃபைல் வந்துச்சுன்னா ஒண்ணு அவங்க சரியா படிக்கல, இல்லன்னா உங்களுக்குப் பதிலா அவங்களே யூகிச்சிட்டாங்க.

காசு குடுக்கறவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும், எடிட்டிங்ல லெவல் இருக்கு. ப்ரூஃப்ரீடிங்னா ஸ்பெல்லிங், கமா, விட்டுப்போன எழுத்து. காப்பி எடிட்டிங்னா கிராமர், வார்த்தைத் தேர்வு, ஒரே மாதிரி இருக்கான்னு பார்க்கறது. அதுக்கு மேல வாக்கியத்தையே மாத்திக் கட்டறது, அது எஸ்.ஓ.பி.க்கு வேண்டாம், அங்க போனா எழுத்து உங்களோடது இல்லாம போயிடும். "காப்பி எடிட் மட்டும், ட்ராக் சேஞ்சஸோட, சந்தேகம்னா கமெண்ட்ல கேளுங்க"ன்னு ஒரு வரில சொல்லி, முதல் 150 வார்த்தையை மட்டும் சாம்பிளா பண்ணித் தரச்சொல்லிப் பாருங்க. சாம்பிள்லயே "ரெல்ம்", "டேப்பஸ்ட்ரி"ன்னு வந்தா நன்றி சொல்லிட்டு நகர்ந்துடுங்க. இவங்களாலயும் முடியாத ஒண்ணு, சென்சார் கதை உள்ள இல்லன்னு இவங்களுக்குத் தெரிய வழியில்ல. இருக்கறதைத்தான் எடிட் பண்ண முடியும்.

வேர்டு செக்கர் பத்தியும் ஒரு வார்த்தை, அஞ்சாவது ஆளா அதையும் கேக்கறாங்க. அரியர்ஸ், எஸ்டீம்டு எல்லாம் ஸ்பெல்லிங் சரியா இருக்கற வார்த்தைங்க, சிவப்புக் கோடு வரவே வராது. அது உருப்படியா உதவற இடம் ஒண்ணு இருக்கு, ஸ்பெல்லிங் கலப்படம். நம்ம ஃபைல்ல பாதி பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், பாதி எங்கிருந்தோ காப்பி பண்ணின அமெரிக்கன் ஸ்பெல்லிங் இருக்கும், வேர்டு ரெண்டு பகுதிக்கும் வேற வேற மொழி வெச்சிருந்தா ரெண்டும் சரின்னு சொல்லிடும். Ctrl+A அமுக்கி, Review, Language, Set Proofing Language போய் போற நாட்டுக்கு ஏத்த இங்கிலீஷை மொத்த ஃபைலுக்கும் வெச்சுடுங்க, ஒளிஞ்சிருந்தது வெளிய வந்துடும். அதே வேர்டுல Read Aloud இருக்கு, Ctrl+Alt+Space அமுக்கினா படிச்சுக் காட்டும், விட்டுப்போன "அன்", ரெண்டு தடவை வந்த "தி" எல்லாம் கண்ணுக்குத் தப்பினாலும் காதுல விழுந்துடும். காசில்லாத வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது.

அப்ப யார்கிட்ட குடுக்கறது? என் தீர்ப்பு, சீனியரும் ஒரு கிராமர் ஆளும், ரெண்டு பேரும் வேணும், ஆனா வரிசை மாறக்கூடாது. முதல்ல சீனியர், அப்புறம் நீங்களே திரும்ப எழுதறது, கடைசிலதான் கிராமர். ஏன்னா டோன் சரிபண்ணும்போது பழைய வரி போய் புது வரி வரும், புது வரில புதுத் தப்பு வரும். முதல்லயே காசு குடுத்து கிராமர் பார்த்துட்டு அப்புறம் சீனியர்கிட்ட போனா அந்த 1,350 ரூபா தண்டம். என் அக்கா பையனுக்கு அதுதான் ஆச்சு, அவன் எல்லாருக்கும் ஒரே நாள்ல அனுப்பிட்டான், எடிட்டர் சுத்தம் பண்ணின வரில பாதி இப்ப இல்ல. கிராமருக்கு வாத்தியாரா எடிட்டரான்னா, காசு ஒரு பிரச்னைன்னா வாத்தியாரே போதும், நம்ம ஊர் இங்கிலீஷை மட்டும் வேற யாராவது, முடிஞ்சா வெளிநாட்டுல இருக்கற ஒருத்தர், ஒரு தடவை பார்க்கணும். காசு முடியும்னா எடிட்டர், ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும். கன்சல்டன்சிகிட்ட அப்ளிகேஷன் லிஸ்ட் குடுங்க, ஃபைலைக் குடுக்காதீங்க.

சீனியருக்குப் பத்து நாள் விட்டுடுங்க, எடிட்டருக்கு மூணு நாள், சப்மிட் பண்றதுக்கு முந்தின ரெண்டு நாள் ஒரு எழுத்தும் மாத்தாதீங்க, கடைசி ராத்திரி சேர்க்கற ஒரு வரிலதான் பெரும்பாலும் தப்பு உக்காந்திருக்கும். ஒரே ஃபைலைப் பல யூனிவர்சிட்டிக்கு மாத்தி மாத்தி அனுப்பறவங்க Ctrl+F போட்டு மத்த எல்லா யூனிவர்சிட்டி பேரையும் ஒவ்வொண்ணா தேடிப் பாருங்க, பர்டியூவுக்குப் போற ஃபைல்ல அரிசோனா ஸ்டேட் பேர் நிக்கறதை விடப் பெரிய டோன் கோளாறு எதுவும் கிடையாது.

பையனோட பாரா கடைசில இப்படி ஆச்சு: "இன் மை ஃபைனல் இயர், மை டீம் பில்ட் எ வாட்டர் லெவல் அலாரம் ஃபார் எ சப்வே நியர் அவர் காலேஜ். அவர் ஃபர்ஸ்ட் அல்ட்ராசானிக் சென்சார் கேவ் ஃபால்ஸ் அலாரம்ஸ் வென் இட் காட் டேம்ப். ஐ ரிப்ளேஸ்டு இட் வித் எ வாட்டர்ப்ரூஃப் மாடல், பட் தட் ஒன் குட் நாட் மெஷர் எனிதிங் க்ளோசர் தேன் அபவுட் 25 சென்டிமீட்டர்ஸ், சோ ஐ ரீடிசைன்டு தி மவுண்ட்." சப்வேன்னா அங்க பல ஊர்ல மெட்ரோ ரயில்னு எடுத்துப்பாங்கன்னு எடிட்டர் திரும்பவும் ஒரு கேள்வி போட்டாங்க, "அண்டர்பாஸ்" ஆச்சு. பேஷன் போச்சு, எஸ்டீம்டு போச்சு, யாரும் அதை வெட்டணும்னு உக்காந்து வெட்டல. சிஜிபிஏ மார்க்‌ஷீட்ல இருக்கு, இங்க வேண்டாம்னு எடுத்தாச்சு. அரியர் வரி தனி பாக்ஸுக்குப் போய், "ஐ ஃபெயில்டு டூ கோர்சஸ் இன் மை தேர்ட் செமஸ்டர் அண்ட் பாஸ்டு போத் தி ஃபாலோயிங் செமஸ்டர்"னு ஒரே வரியா நிக்குது, மன்னிப்பு கேக்கல, காரணம் அடுக்கல.

இதைப் படிக்கறப்போ உங்களுக்கு ரெண்டு நாள்தான் பாக்கின்னா சீனியரை விட்டுடுங்க, அவர் எழுந்து பதில் போடறதுக்குள்ள டைம் போயிடும். "லேர்ன்ட் எ லாட்", "கெயின்டு நாலெட்ஜ்", "எக்ஸ்போஷர்"னு எங்கெல்லாம் எழுதியிருக்கீங்களோ அங்க நீங்களே "என்ன?"ன்னு கேட்டு ஒரு வரி எழுதிடுங்க, எஸ்டீம்டு, ப்ரெஸ்டீஜியஸ், அரியர், பாஸ்டு அவுட், தி சேம், இட்செல்ஃப் ஆறையும் Ctrl+F-ல தேடி எடுத்துடுங்க, Read Aloud ஒரு தடவை கேளுங்க, அப்புறம் எந்த இங்கிலீஷ் சார் வீட்டுல இருக்காரோ அவர்கிட்ட ப்ரிண்ட்டோட போங்க.